இரண்டாவது வீட்டு வாடகை: கையில் நின்றது எவ்வளவு?

மேடவாக்கத்து வீட்டுக்காரர்: பதிவுச் செலவு உட்பட 45 லட்சத்துக்கு 2014 மே மாதம் வாங்கிய அடுக்குமாடி வீட்டை 18,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதை வைத்திருப்பதா, விற்றுப் பரஸ்பர நிதியில் போடுவதா என்பதே என் கேள்வி. ஆண்டுக்கு 2,16,000 வருவதால் 4.8 சதவீத வருமானம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு செலவுகளை எழுதிப் பார்த்தபோது ஒரு மாதம் பூட்டிக் கிடந்ததில் வரவு 1,98,000 ஆகக் குறைந்தது. பராமரிப்புத் தொகை வாடகைக்குள் அடக்கம் என்பதால் 36,000, சொத்துவரி 6,000, வெள்ளையடிப்பும் குழாய் வேலையும் 15,000, தரகு 9,000 போக, வருமான வரிக்கு முன் 1,32,000 நின்றது.

வேளச்சேரி உறுப்பினர்: பராமரிப்பு, வெள்ளையடிப்பு இரண்டையும் கழித்துக் காட்டினால் வரி பெரிதாக வராதே? நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஓய்வுபெற்ற கணக்காயர்: அவற்றைத் தனியாகக் கழிக்க இடமில்லை. வாடகை வரவிலிருந்து நீங்கள் கட்டிய சொத்துவரி போக மீதியில் 30 சதவீதம் கழியும். செலவு அதைவிடக் கூடினாலும் குறைந்தாலும் அதே 30தான். இவர் கணக்கில் 1,92,000-இல் 57,600 போக 1,34,400-க்கு வரி. உயர்ந்த விகிதத்தில், கூடுதல் தீர்வையோடு 31.2 சதவீதமென்றால் ஏறக்குறைய 41,930. ஆகக் கையில் 90,070. அதை 2014-இன் விலையால் வகுப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. இன்று விற்றால் கிடைக்கும் 70 லட்சத்தால் வகுத்தால் 1.3 சதவீதம்கூட இல்லை.

கோவை உறுப்பினர்: எங்கள் வீடு நான்கு மாதம் காலியாகக் கிடந்தது. குடியிருக்கும் வீட்டையும் விற்றுவிடச் சொல்கிறீர்களா?

கணக்காயர்: குடியிருக்கும் வீட்டைப் பற்றி இங்கே பேச்சில்லை. கேள்வி இரண்டாவது வீட்டைப் பற்றியது.

தாம்பரம் உறுப்பினர்: பரஸ்பர நிதியின் ஏற்றத்தைப் பேசும்போது 2020 மார்ச்சையும் நினையுங்கள். என் பங்குச் சந்தை நிதி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியபோது பயந்து விற்றுவிட்டேன். வீட்டின் விலை நாள்தோறும் கைப்பேசியில் தெரியாததால் அதை மட்டும் விற்கவில்லை.

கணக்காயர்: உங்கள் பயம் நியாயமானதே. நிதியில் ஒரு வசதி உண்டு: விற்கும்வரை வரியில்லை, ஓராண்டுக்குமேல் வைத்திருந்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு மட்டும் 12.5 சதவீதம். வாடகைக்கோ ஆண்டுதோறும் வரி உண்டு. வீட்டின் விலையோ 11 ஆண்டுகளில் ஆண்டுக்கு 4.1 சதவீதமே ஏறியிருக்கிறது. நிகர வாடகையைச் சேர்த்தாலும் ஐந்தரையைத் தாண்டாது.

மேடவாக்கத்து வீட்டுக்காரர்: விற்றால் 25 லட்சம் ஆதாயத்துக்கு 12.5 சதவீதம் போய்விடுமே என்று தயங்குகிறேன்.

கணக்காயர்: 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதால், வாங்கிய விலையை விலைவாசிக் குறியீட்டால் உயர்த்தி, ஆதாயத்துக்கு 20 சதவீதம் என்ற பழைய முறையிலும் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். வாங்கிய ஆண்டின் குறியீடு 240, 2025-26-க்கு 376. உங்கள் 45 லட்சம் 70.5 லட்சமாகிவிடும். வரி இல்லை, ஏனெனில் விலைவாசியைக் கழித்தால் ஆதாயமே இல்லை.

மேடவாக்கத்து வீட்டுக்காரர்: மனைவியிடம் இதைக் காட்டினேன். மகளின் திருமணத்துக்கு அந்த வீடு இருக்கட்டும் என்கிறார்.