புதுப்பிப்பு: நிராகரிக்கப்பட்ட பட்டா மாறுதல் மனு, இப்போது முடிந்தது

என் பழைய கேள்வி: "முழு சர்வே எண்ணையும் கிரயம் வாங்கிப் பதிவு செய்துவிட்டேன். பட்டா மாறுதல் மனுவை நிராகரித்துவிட்டார்கள். என்ன ஆவணம் குறைகிறது?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. பட்டா என் பெயருக்கு வந்துவிட்டது.

பத்திர எழுத்தராக இருக்கும் அண்ணன் சொன்னதுதான் சரி. பட்டா, விற்றவரின் மறைந்த அப்பா பெயரிலேயே இருந்தது. பத்திரத்தில் விற்றவர் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாததால் மனு நின்றிருக்கிறது. வில்லங்கச் சான்று போதும் என்றவர் சொன்னது பாதி சரி. அதையும் கேட்டார்கள், ஆனால் அப்பாவிடமிருந்து மகனுக்கு நிலம் வந்த கதை அதில் தெரியாது.

மறுபடி விண்ணப்பித்தபோது கிரயப் பத்திரம், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, என் ஆதார் ஆகியவற்றோடு அப்பாவின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்தேன்.

எதிர்பாராதது இங்கேதான். வாரிசுச் சான்றில் விற்றவரின் தங்கை பெயரும் இருந்தது. அவர் பங்கு என்ன ஆனது என்று கிராம நிர்வாக அலுவலர் கேட்டார். நல்லவேளை, அந்தத் தங்கை முன்பே தன் பங்கை விட்டுக்கொடுத்து, விற்றவருக்கு விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுத்திருந்தார். அதன் நகலைக் கொடுத்த பிறகுதான் மனு நகர்ந்தது. அது இல்லாதிருந்தால் தங்கையின் கையெழுத்துக்கு அலைந்திருப்பேன். வாங்கும் முன்பே இதைப் பாருங்கள்.

வீட்டு வரிப் பெயர் மாற்றம் பற்றிக் கேட்ட அக்காவுக்கு: அது உள்ளாட்சி அலுவலக வேலை, தனி மனு.

பத்திரத்தைவிடப் பட்டாவில் பரப்பு கொஞ்சம் குறைவாக இருக்கிறது. அதற்கு அளவை மனு கொடுத்திருக்கிறேன், இன்னும் சர்வேயர் வரவில்லை.