திரள்முரணா, சிம்ப்சன் முரணா?

சேலம் ஸ்கோரர்:
மொத்தக் கணக்கு ஒன்று சொல்ல, பிரித்த கணக்கு நேர்மாறாகச் சொல்லும் விசித்திரத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் நண்பர்களே. எங்கள் அணியில் இரண்டு பேட்ஸ்மேன்களில் யாரை எடுப்பது என்று சண்டை. எண்களைக் கொஞ்சம் உருட்டித் தருகிறேன். மூத்தவர் 20 முறை அவுட்டாகி 880 ரன், சராசரி 44. இளையவர் அதே 20 அவுட்டுக்கு 620 ரன், சராசரி 31. மூத்தவர்தான் என்று முடிவான பிறகு பிட்ச் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மேட்டிங்கில் மூத்தவர் 16 அவுட்டுக்கு 800, சராசரி 50. இளையவர் 4 அவுட்டுக்கு 220, சராசரி 55. டர்ஃபில் மூத்தவர் 4 அவுட்டுக்கு 80, சராசரி 20. இளையவர் 16 அவுட்டுக்கு 400, சராசரி 25. இரண்டு பிட்ச்சிலும் இளையவர்தான் மேல்! இதைப் 'புரட்டு முரண்' என்று எழுதினேன். "நான் என்ன புரட்டா பண்ணினேன்?" என்று மூத்தவர் கோபித்துக்கொண்டார்.

ஓமலூர் மாணவர்:
அண்ணே, நாலு அவுட்டை வைத்துச் சராசரி பேசினால் இப்படித்தான் ஆகும். நிறைய ஆட்டம் சேர்ந்தால் சரியாகிவிடும். 'சிறுகூறு முரண்' போதும்.

அஸ்தம்பட்டி ஆசிரியர் (புள்ளியியல், ஓய்வு):
நாலு அவுட்டை நம்பக்கூடாது என்பது சரி, தம்பி. ஆனால் எல்லா எண்ணையும் நூறால் பெருக்கிப் பாருங்கள், முரண் அப்படியே நிற்கும். கோளாறு கலவையில் இருக்கிறது. மூத்தவரின் 44-இல் ஐந்தில் நாலு பங்கு மேட்டிங், இளையவரின் 31-இல் ஐந்தில் நாலு பங்கு டர்ஃப். இருவருக்கும் பாதிக்குப் பாதி வைத்தால் மூத்தவர் 35, இளையவர் 40. பிரித்தபோது இல்லாத முரண் திரட்டும்போது வருவதால் 'திரள்முரண்' என்பேன். 'சிம்ப்சன் முரண்' என்றுதான் இதைப் பொதுவாகச் சொல்வார்கள். புள்ளியியலாளர் சிம்ப்சன் எழுதியது 1951-இல். யூல் என்ற இன்னொரு புள்ளியியலாளர் 1903-லேயே தொட்டுவிட்டார். ஒருவர் பெயரை மட்டும் ஒட்டுவானேன்?

ஏற்காட்டுக்காரர்:
என் பைக்குக்கும் இதே கதைதாங்க. மச்சான் வண்டி என்னுடையதைவிட அதிக மைலேஜ் தருது. அவன் சேலத்துக்குள்ளேயே ஓட்டுறான், நான் தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுறேன்.

ஆசிரியர்:
அது கலவை வேறுபாடுதான், இன்னும் முரண் ஆகவில்லை. மலையில் தனியாக, சமவெளியில் தனியாக இரண்டு வண்டியையும் அளந்து, இரண்டிலும் உங்கள் வண்டி முந்தினால்தான் திரள்முரண்.

மாணவர்:
அப்போ எப்போதும் பிரித்த கணக்கைத்தான் நம்பணுமா சார்?

ஆசிரியர்:
இல்லை. வென்ற ஆட்டம், தோற்ற ஆட்டம் என்று பிரித்தால் தப்பு. அவர் அடித்த ரன்னாலேயேதானே வெற்றி வந்தது? பிட்ச் அப்படியில்லை, அவர் இறங்குவதற்கு முன்பே போட்டாயிற்று.

மாணவர்:
எனக்கு 'சிம்ப்சன் முரண்' தான் பிடிக்கிறது சார். தேடினால் கிடைக்கும்.

ஸ்கோரர்:
இப்போதைக்கு நோட்டில் 'திரள்முரண்' என்று எழுதிவிட்டேன். மூத்தவரிடம் காட்டினேன். "டர்ஃப் மேட்ச்சுக்கு என்னை எத்தனை தடவை கூப்பிட்டீங்க?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.