லாப்லாசியன் பிரமிடைத் திரும்பக் கூட்டினால் விளக்கைச் சுற்றி வெளிச்சம் கசிகிறது, உதவி தேவை

தேக்கா_இரவு
வணக்கம். நாளை மதியம் புராஜெக்ட் ஒப்படைக்க வேண்டும், அவசரம். சிராங்கூன் சாலைத் தீபாவளி விளக்குப் படங்கள் இரண்டை ஒட்டவேண்டும். அதற்கு முன் ஒரே ஒரு படத்தை லாப்லாசியன் பிரமிடாகப் பிரித்து, திரும்பக் கூட்டிப் பார்க்கிறேன். அசல் படம் அப்படியே வரவேண்டுமாம். வரவில்லை. ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வெளிச்சம் கசிந்த மாதிரி இருக்கிறது. சில இடங்களில் வித்தியாசம் 70க்கு மேல். என்ன தப்பு?

ஈசூன்_ராணி
படத்தின் அளவு என்ன? எத்தனை படிகள்? எதில் எழுதினீர்கள்? கழிக்கும் வரியையும் கூட்டும் வரியையும் அப்படியே இங்கே போடுங்கள்.

கேலாங்_குமரன்
தம்பி, மழுக்கும் வடிகட்டிதான் காரணம். பர்ட்டும் ஏடெல்சனும் 1983 கட்டுரையில் நடு எடையை 0.4 என்று வைத்தார்கள். ஓப்பன்சிவியில் இருப்பது 1, 4, 6, 4, 1 என்ற எடைகளை 16ஆல் வகுத்தது, அதாவது நடுவில் 0.375. அதை மாற்றிப் பாருங்கள். அப்புறம், ஒவ்வொரு படியிலும் நான்கில் மூன்று பிக்சலைத் தூக்கி எறிகிறோம். அப்படியே திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜூரோங்_மாலை
எனக்கும் இதே பிரச்சினை இருந்தது! மூன்று வெளிச்ச அளவில் எடுத்த படங்களைச் சேர்க்கும்போது வானத்தில் பட்டை பட்டையாக வந்தது. படிகளை 7ஆகக் கூட்டியதும் போய்விட்டது. நீங்களும் கூட்டிப் பாருங்கள்.

பழைய_பிக்சல்
மாலை, அது படங்களைக் கலக்கும்போது வருவது. இவர் இன்னும் எதையும் கலக்கவே இல்லை. இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்தாகிவிட்டது. கேட்பவர்கள் முதலில் பழைய இழைகளைத் தேடிப் படிக்க வேண்டும். விடை ஒரு வரிதான்: float32க்கு மாற்று.

தேக்கா_இரவு
மன்னிக்கவும், ரயிலில் இருந்தேன். பைதான், ஓப்பன்சிவி. படம் 900 x 675, கறுப்பு வெள்ளை. 3 படிகள். imread கொடுத்ததை அப்படியே வைத்திருக்கிறேன். அளவு ஒன்று கூடுகிறது என்று பிழை வந்ததால் ஒரு இடத்தில் resize, இன்னொரு இடத்தில் வெட்டு.

```python
u = cv2.resize(cv2.pyrUp(g[k+1]), (w, h))
lap.append(cv2.subtract(g[k], u))
# கூட்டும்போது
r = cv2.add(cv2.pyrUp(r)[:h, :w], lap[k])
```

ஈசூன்_ராணி
இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்றை ஒன்று மறைக்கிறது, அதனால் முதலில் பெரியதைப் பார்ப்போம்.

ஒரு சோதனை செய்யுங்கள். அசல், திரும்பக் கூட்டியது இரண்டையும் int16 ஆக்கி, கூட்டியதிலிருந்து அசலைக் கழியுங்கள். அதில் எங்காவது எதிர்ம எண் இருக்கிறதா?

தேக்கா_இரவு
min() 0 காட்டுகிறது. max() 78. எதிர்ம எண் எங்குமே இல்லை அக்கா, பெரும்பாலும்.

ஈசூன்_ராணி
min() 0 என்றால் ஒரு பிக்சல்கூட இல்லை. இந்த அளவில் resizeஉம் எதையாவது குறைத்திருக்க வேண்டும், அதனால் அந்தச் சோதனையை int16 ஆக்காமல் செய்தீர்களோ என்று சந்தேகம். சரி, கையால் போட்டுக் காட்டுகிறேன். இருட்டும் விளக்கும் சந்திக்கும் ஒரு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்: 10, 10, 10, 10, 200, 200, 200, 200. எண்ணிக்கையை 0இலிருந்து தொடங்குகிறேன்.

இதை மழுக்கி, ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் 10, 22, 141, 200 கிடைக்கும். 22 எப்படி? இரண்டாம் இடத்தில் ஐந்து எடைகளில் கடைசி ஒன்று மட்டும் விளக்கைத் தொடுகிறது, 350ஐ 16ஆல் வகுத்தால் 21.875. இப்போது அதைத் திரும்பப் பெரிதாக்குங்கள். மூன்றாம் இடத்துக்கு 22க்கும் 141க்கும் நடு, அதாவது 82 வரும். நான்காம் இடத்துக்கு 134. அசலிலிருந்து கழித்தால் மூன்றாம் இடத்தில் 10 - 82 = -72, நான்காம் இடத்தில் 200 - 134 = 66.

லாப்லாசியனில் இந்த -72தான் விளிம்பின் இருட்டுப் பக்கத்தைக் காப்பாற்றும் எண். uint8இல் எதிர்ம எண்ணுக்கு இடமில்லை. cv2.subtract அதை 0 ஆக்கிவிடுகிறது. திரும்பக் கூட்டும்போது நான்காம் இடத்தில் 134 + 66 = 200, சரியாக வருகிறது. மூன்றாம் இடத்தில் 82 + 0 = 82. அங்கே 10 இருக்கவேண்டும். நீங்கள் பார்க்கும் கசிவு இதுதான். விளக்கு கெடுவதில்லை, பக்கத்து இருட்டு மட்டும் வெளுக்கிறது.

முதலில் படத்தை int16 ஆக்குங்கள். கூட்டலும் கழித்தலும் வெறும் குறியாலேயே செய்யுங்கள். resize வரியை இப்போதைக்குத் தொடவேண்டாம், முடிவைச் சொல்லுங்கள்.

கேலாங்_குமரன்
சரி, எடை விஷயத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் int16 எதற்கு? uint8லேயே cv2.subtractக்குப் பதில் நம்பையின் கழித்தல் குறி போட்டேன், 512 x 512 படத்தில் வித்தியாசம் சுத்தமாக 0.

ஈசூன்_ராணி
உண்மைதான், 0 வரும். நம்பை 256க்கு மேல் சுற்றிக்கொண்டு வருகிறது. -72 அங்கே 184 ஆகும், 82உடன் கூட்டினால் 266, அது சுற்றி 10 ஆகிவிடும். திரும்பக் கூட்டுவது மட்டும் என்றால் பிழையே இல்லை. ஆனால் இவர் இரண்டு படங்களை ஒட்டப்போகிறார். ஓரத்தில் பாதி எடை வரும்போது -72இன் பாதி -36. 184இன் பாதி 92. இருட்டாக வேண்டிய இடம் பளீரென்று வெளுக்கும். அதனால்தான் குறியோடு வைக்கச் சொன்னேன்.

பழைய_பிக்சல்
நான் float32 என்றேன். அதில் இந்தத் தொல்லை எதுவுமே இல்லை.

ஈசூன்_ராணி
கலப்பதற்கு float32 நல்ல தேர்வு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'துல்லியமாக அதே' என்பதற்கு அல்ல. ஒவ்வொரு முறை சிறிதாக்கும்போதும் 256ஆல் வகுபடுகிறது, அதாவது 8 பிட் பின்னம் கூடுகிறது. மூன்றாம் படியில் float32இன் 24 பிட் போதாது. ஒரு எண்ணைக் கழித்துத் திரும்பக் கூட்டினால் கடைசி இலக்கம் நகரலாம். கண்ணுக்குத் தெரியாது, முழு எண்ணாக்கினால் மறைந்துவிடும். ஆனால் == என்று சோதித்தால் False வரலாம். int16இல் வராது, ஒவ்வொரு படியும் முழு எண்ணாகவே இருப்பதால்.

பழைய_பிக்சல்
யாரும் == போட்டு float சோதிப்பதில்லை. அது அடிப்படை.

புக்கிட்_பாத்தோக்
குமரன் அண்ணன் முதலில் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பிக்சலைத் தூக்கி எறிந்த பிறகும் எப்படி அப்படியே வருகிறது?

ஈசூன்_ராணி
எறிந்ததால் எது போனதோ, அதைத்தான் லாப்லாசியன் படி முழு அளவில் எழுதி வைத்திருக்கிறது. கழித்தபோது எந்த மதிப்பைக் கழித்தோமோ, அதே மதிப்பைத் திரும்பக் கூட்டுகிறோம். அதற்கான விலையும் உண்டு: எல்லாப் படிகளையும் சேர்த்தால் அசலைவிடக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எண்கள். உச்சியில் இருக்கும் சின்னக் காஸியன் படத்தையும் சேர்த்து வைத்தால்தான் இது நடக்கும். அது இல்லாமல் லாப்லாசியன் படிகள் மட்டும் இருந்தால் படத்தின் பொது வெளிச்சமே தொலைந்துவிடும்.

புக்கிட்_பாத்தோக்
அப்படியானால் மழுக்கவே வேண்டாமே? pyrDownக்குப் பதில் [::2, ::2] போட்டுப் பார்த்தேன். 0 வருகிறது!

கேலாங்_குமரன்
அப்போது என் வடிகட்டிக் கதைக்கு வேலையே இல்லையா?

ஈசூன்_ராணி
திரும்பக் கூட்டுவதற்கு இல்லை. எந்த வடிகட்டி போட்டாலும் வரும். மற்ற எல்லாவற்றுக்கும் வடிகட்டி முக்கியம். அடுக்குமாடி சன்னல் கம்பிகளை நினைத்துக்கொள்ளுங்கள்: 0, 255, 0, 255 என்று மாறி மாறி வருகிறது. மழுக்காமல் ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் எல்லாம் 0, மேல்படியில் அந்தச் சன்னல் வெறும் கறுப்பு. ஒரு பிக்சல் தள்ளி எடுத்தால் வெறும் வெள்ளை. மழுக்கி எடுத்தால் இரண்டிலும் சாம்பல், 127.5. தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். மேல்படியைத் தனியாகப் பயன்படுத்தினாலோ, ஒரு படியை மட்டும் மாற்றினாலோ அந்தப் பொய்யான கறுப்பு வெளியே வந்துவிடும். கம்பிகள் சரியாக ஒரு பிக்சல் இடைவெளியில் இல்லாவிட்டால் அகலமான போலிப் பட்டைகள் வரும்.

பழைய_பிக்சல்
0.4ஆ 0.375ஆ என்பதில் எனக்கு இன்னும் ஒரு கருத்து உண்டு. 0.4 வைத்தால் வளைவு காஸியனுக்கு நெருக்கம்.

கேலாங்_குமரன்
அதைத்தான் நானும் சொன்னேன். ஆனால் 16ஆல் வகுப்பது பிட் நகர்த்தலில் முடிந்துவிடுகிறது, அந்த வசதி 0.4இல் இல்லை.

பழைய_பிக்சல்
வேகத்துக்காகத் தரத்தை விட்டுக்கொடுப்பது சரியல்ல.

தேக்கா_இரவு
int16 போட்டேன். கசிவு போய்விட்டது! ஆனால் 0 வரவில்லை. max 38, min -41. படத்தின் மேலே ஒன்றும் இல்லை, கீழே போகப் போக அதிகம், வலது கீழ் மூலையில் மோசம். முதல் சோதனையில் uint8லேயே absdiff எடுத்திருக்கிறேன், நீங்கள் சொன்னது சரி.

ஈசூன்_ராணி
கீழே போகப் போக என்று சொன்னீர்களே, அதுதான் இரண்டாவது தவறின் கைரேகை. உங்கள் உயரம் 675, ஒற்றைப்படை. pyrDown அதை 338 ஆக்குகிறது, pyrUp திருப்பி 676 தருகிறது. பிரிக்கும்போது 676ஐ 675 ஆக resize சுருக்குகிறது, கூட்டும்போது கடைசி வரிசையை வெட்டுகிறீர்கள். சுருக்கினால் மேலே நகர்வு கிட்டத்தட்ட இல்லை, கீழே வரும்போது ஒரு பிக்சல் அளவுக்கு நகர்ந்திருக்கும். வெட்டினால் எதுவும் நகராது. கழித்த படமும் கூட்டிய படமும் வேறு வேறு. மூன்றாவது முறை சிறிதாக்கும்போது 225 x 169, அகலமும் ஒற்றைப்படை, அதனால் வலது பக்கமும் பிசகுகிறது. அங்கே ஒரு பிக்சல் என்றால் அசலில் நான்கு.

சுருக்குவதா வெட்டுவதா என்பது பிரச்சினை இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே சார்பு இருக்கவேண்டும். pyrUpஇலேயே அளவைச் சொல்லிவிடலாம்:

```python
def up(s, like):
    h, w = like.shape[:2]
    return cv2.pyrUp(s, dstsize=(w, h))

g = [img.astype(np.int16)]
for k in range(3):
    g.append(cv2.pyrDown(g[-1]))
lap = [g[k] - up(g[k+1], g[k]) for k in range(3)]

r = g[3]
for d in reversed(lap):
    r = d + up(r, d)
print(np.abs(r - g[0]).max())
```

குமரன், உங்கள் 512 படத்தில் இது தெரியாமல் போனதற்குக் காரணம், அது மூன்று முறையும் மிச்சமில்லாமல் பாதியாகிறது.

தேக்கா_இரவு
0!!! நன்றி அக்கா. இப்போது இரண்டு படங்களையும் ஒட்டினேன், நடுவில் செங்குத்தாக ஒரு கோடு தெரிகிறது. ஒவ்வொரு படியிலும் இடது பாதி ஒன்று, வலது பாதி ஒன்று.

ஜூரோங்_மாலை
படிகளைக் கூட்டுங்கள் என்று அப்போதே சொன்னேன். இதற்கு அது உதவும்.

ஈசூன்_ராணி
உதவலாம். 3 படிதான் என்றால், 113 x 85 அளவு உச்சிப் படத்தில் இரண்டு பாதிகளும் வெட்டுக்கோட்டில் அப்படியே மோதுகின்றன. இரண்டு படங்களின் பொது வெளிச்சமும் வேறாக இருந்தால் கோடு தெரியத்தான் செய்யும். முகமூடிப் படத்துக்கும் தனியாக ஒரு காஸியன் பிரமிடு கட்டி, ஒவ்வொரு படியிலும் அந்த அளவு முகமூடியால் பெருக்கினீர்களா, அல்லது நேராக வெட்டி வைத்தீர்களா? இரண்டும் ஒரே வெளிச்ச அளவில் எடுத்தவையா? அந்த வரியையும் போடுங்கள்.

பழைய_பிக்சல்
முகமூடியை float இல் வைக்கவும், 0 முதல் 1 வரை. int16இல் பெருக்கினால் அதுவும் கெடும்.

ஈசூன்_ராணி
அது சரி. கலக்கும் கட்டத்தில் float32.

கேலாங்_குமரன்
தேக்கா, இருக்கிறீர்களா? ஒட்டும் வரியைப் போடுங்கள், மதியம் ஆகப்போகிறது.