"தகுந்த சம்பளம்" என்று எழுதி ஆள் தேடிய அனுபவம்

கே.டி.சி. நகர் அம்மா

மகள் பத்தாம் வகுப்பு, சமச்சீர். கணக்குச் சொல்லித்தர வீட்டுக்கு ஆள் வேண்டும் என்று இரண்டு முறை விளம்பரம் எழுதினேன். ஜூனில் எழுதியது இவ்வளவுதான்: "பத்தாம் வகுப்பு கணிதத்துக்கு அனுபவமுள்ள ஆசிரியை தேவை. தகுந்த சம்பளம்." ஒரு வாரம் போன் ஓயவில்லை. எத்தனை நாள், எத்தனை மணி நேரம், எவ்வளவு தருவீர்கள் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். நானும் அந்தந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு பெண் வந்தாள். ஐந்தாவது வாரம் நின்றுவிட்டாள். அவள்மேல் குறை சொல்ல மாட்டேன். வாரம் மூன்று நாள் என்று பேசிவிட்டு, பள்ளியில் தேர்வு வந்ததும் ஐந்து நாள் கூப்பிட்டது நான்தான். ஆறாவது படிக்கும் மகனையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். சம்பளத்தை மட்டும் ஏற்றவில்லை.

ஆகஸ்டில் எழுதியது இது:

"பத்தாம் வகுப்பு கணிதம், சமச்சீர், தமிழ்வழி. ஒரே மாணவி. திங்கள், புதன், வெள்ளி மாலை 5.30 முதல் 7 வரை. மாதம் 12 வகுப்பு, 3,600 ரூபாய், 5-ஆம் தேதிக்குள். அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு வகுப்புக்கும் 300. நாங்கள் அன்று மதியத்துக்குப் பிறகு வேண்டாம் என்றால் அந்த வகுப்புக்கும் பணம் உண்டு. நீங்கள் வர முடியாவிட்டால் அதே மாதத்தில் வேறொரு நாள் எடுக்க வேண்டும். மகள் இப்போது 38 மதிப்பெண் வாங்குகிறாள். வடிவியலும் வரைபடமும் வரவில்லை. அரையாண்டில் 60 எடுத்தால் போதும். பாடம் ஹாலில்தான், நான் வீட்டில் இருப்பேன்."

இந்த முறை நான்கே பேர்தான் பேசினார்கள். பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. முடித்த ஒருவர் வந்தார். வந்த அன்றே பழைய விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வட்டத்துக்குத் தொடுகோடு சரியாகவே வரைந்திருந்தாள். உதவிப்படம் போடவில்லை, வரைமுறையும் எழுதவில்லை. வரைபடத்தாளில் அளவுத்திட்டம் இல்லை. வடிவியலும் வரைபடமும் எட்டு எட்டாகப் பதினாறு மதிப்பெண். முதல் மூன்று வாரமும் அதையே எடுத்தார்.

வண்ணார்பேட்டை டீச்சர்

ஒன்பது வருடமாக வீடு வீடாகப் போய்ப் பாடம் எடுக்கிறேன் அக்கா. உங்கள் விளம்பரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது 12 என்ற எண்தான். "மாதச் சம்பளம்" என்று மட்டும் பேசினால் லீவு வரும்போது சண்டை வரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பத்து நாள் யார் வீட்டுக்கும் போக முடியவில்லை. ஒரு வீட்டில் நாளைக் கணக்கிட்டுப் பிடித்துக்கொண்டார்கள், இன்னொரு வீட்டில் முழுதாகத் தந்தார்கள். இரண்டு இடத்திலும் முன்கூட்டி எதுவும் பேசியிருக்கவில்லை.

300 ரூபாய் ஒன்றரை மணி நேரத்துக்கு என்றால் மணிக்கு 200. பாளையங்கோட்டையிலிருந்து வருகிறவருக்குக் கட்டும். டவுனிலிருந்து வந்தால் போக வர ஒன்றரை மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். அப்போது கைக்கு நிற்பது மணிக்கு நூறுதான். முதலில் வந்த பெண் நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். வீடு எந்தப் பகுதி என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அவளே யோசித்திருப்பாள்.

மேலப்பாளையம் வாசகர்

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் டியூஷன் எடுக்கக் கூடாது. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குத் தடை கிடையாது. அதையும் விளம்பரத்தில் போட்டுவிடுங்கள்.

வண்ணார்பேட்டை டீச்சர்

முதல் பாதி சரி அண்ணாச்சி. ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு எந்த ஆசிரியரும் தனிப்பயிற்சி எடுக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. அரசு, தனியார் என்று அதில் பிரிக்கவில்லை. அந்தச் சட்டம் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது என்பதால் பத்தாம் வகுப்புக்கு எப்படி என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. நான் எந்தப் பள்ளியிலும் வேலையில் இல்லை.

அம்பாசமுத்திரம் அப்பா

என் மகன் எட்டாவது. இந்தியும் கணக்கும் சேர்த்து எடுக்க வருவீர்களா? சம்பளம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

கே.டி.சி. நகர் அம்மா

அண்ணாச்சி, ஆள் தேடியது நான்தான், வேலை தேடவில்லை. நீங்கள் தனியாக எழுதுங்கள். இந்திக்கும் கணக்குக்கும் ஒரே ஆள் கிடைப்பது கடினம். சம்பளத்தையும் முதலிலேயே போட்டுவிடுங்கள்.

பேட்டை அண்ணன்

தொகையைப் போட்டால் அதற்குக் கீழே எடுக்கிறவரும் அதையே கேட்பார். நான் 2,500-க்கு முடித்தேன்.

கே.டி.சி. நகர் அம்மா

எத்தனை வகுப்புக்கு அண்ணா?

பேட்டை அண்ணன்

அது பேசவில்லை. வாரத்தில் நாலைந்து நாள் வருகிறார்.

வண்ணார்பேட்டை டீச்சர்

அக்கா, ஒன்று விட்டுப்போயிற்று. பொதுத்தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுமுறையில் பகலில் தினமும் வரச்சொல்வீர்களா? அந்த மாதம் எனக்கு எல்லா வீட்டிலிருந்தும் அழைப்பு வரும். உங்கள் டீச்சருக்கும் அப்படித்தான் இருக்கும்.

கே.டி.சி. நகர் அம்மா

அதை யோசிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை வரும்போது கேட்டு, நாளையும் தொகையையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.