சீவிரி கார் கிளம்பும்போது நடுங்குகிறது: திருகோணமலையில் ரீலேர்ன் செய்யக்கூடிய ஸ்கேனர் யாரிடம் உண்டு?

வணக்கம். டோர்க் கன்வேர்ட்டர் இல்லாத, ஸ்டார்ட் கிளட்ச் உள்ள பழைய ஜப்பான் சீவிரி கார். நின்று கிளம்பும்போது 20 கி.மீ. வேகம் வரை நடுங்குகிறது, அதற்கு மேல் சுத்தமாக ஓடுகிறது. உவர்மலை ஏற்றத்தில் இன்னும் மோசம்.

சாதாரண ஒட்டோ கியரில் இப்படி வருவது குறைவு. அங்கே எஞ்சினுக்கும் கியருக்கும் இடையில் ஒயில்தான் சுழன்று விசையைக் கடத்தும், அதனால் கிளம்பல் வழுக்கலாக இருக்கும். அதில் நடுக்கம் வந்தால் பெரும்பாலும் லொக்கப் கிளட்ச் பிடிக்கும் 60, 70 கி.மீ. வேகத்தில்தான். இந்தக் காரிலோ அந்த வழுக்கல் முழுவதும் ஸ்டார்ட் கிளட்ச் தட்டுகளின் தலையில். புல்லி, ஸ்டீல் பெல்ட் கெட்டிருந்தால் சீரான ஓட்டத்திலும் இரைச்சலோ இழுவைக்குறைவோ தெரியும். இங்கே இரண்டும் இல்லை.

கடைசி சர்வீஸில் சாதாரண ஒட்டோ கியர் ஒயில் ஊற்றப்பட்டிருக்கிறது. ஒயில் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை! உள்ளே 6 லீற்றர், வடித்தால் வருவது 3 மட்டுமே. ஆகவே ஒரு மாற்றில் பழையது பாதி மிஞ்சும். இடையில் கொஞ்சம் ஓட்டி மூன்று தடவை மாற்றியதில் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். நடுக்கம் குறைந்தது, நிற்கவில்லை.

கேள்வி இரண்டு. ஸ்டார்ட் கிளட்ச் ரீலேர்ன் செய்யும் ஸ்கேனர் டவுனிலோ சீனக்குடாப் பக்கமோ யாரிடம் உண்டு? ரீலேர்னுக்குப் பிறகும் நடுங்கினால், தட்டுகளை மட்டும் மாற்றியவர்களுக்குச் சரிவந்ததா?