சூடாமணி விகாரத்தின் நெல்வரவு: இதழாசிரியரிடம் அவகாசம் கேட்ட கடிதம் (அனுபவப் பகிர்வு)

காவிரிக்கரை:
சோழர் காலத்தில் நாகப்பட்டினத்தில் இருந்த பௌத்த மடமான சூடாமணி விகாரத்தின் வரவு செலவு பற்றி ஒரு தமிழ் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தேன். பெரிய திருத்தம் வேண்டும் என்று பதில் வந்தது. கெடு பிப்ரவரி 15. மதிப்பீட்டாளர் இருவரும் கேட்டவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. முதலாமவர், விகாரத்துக்கு ராஜராஜன் கொடுத்த ஊரான ஆனைமங்கலத்து நெல்லைத் தஞ்சைப் பெரிய கோயிலின் ஊர்களோடு ஒப்பிடச் சொன்னார். இரண்டாமவர், அந்த நெல்லில் எத்தனை பிக்குகள் சாப்பிட்டிருக்கலாம் என்று கணக்குப் போட்டுத் தரச் சொன்னார். கெடுவுக்கு முன்பே ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்று கடிதத்தின் முக்கியப் பகுதியைத் தருகிறேன்.

> மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,
>
> திருத்திய கட்டுரையை மார்ச் 31க்குள் தர அனுமதி வேண்டுகிறேன். வேலையின் பெரும்பகுதி ஒப்பீட்டில் இருக்கிறது. பெரிய லைடன் செப்பேட்டின்படி ஆனைமங்கலத்தின் நிலம் ஏறத்தாழ 97 வேலி. காணிக்கடன், அதாவது ஊர் செலுத்த வேண்டிய நெல்வரி, 8943 கலமும் சில்லறையும். வேலிக்குச் சுமார் 92 கலம் வருகிறது. பெரிய கோயில் கல்வெட்டுகளில் பல ஊர்களுக்கு வேலிக்கு 100 கலத்தை ஒட்டி வருகிறது. அந்தக் கல்வெட்டுகள் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்துவிட்டே இறை என்னும் வரியைக் கட்டுகின்றன. எனவே ஊர் ஊராக நீங்கல் கழித்த நிலத்தை எடுத்துத்தான் ஒப்பிட முடியும். இதை அவசரமாகச் செய்தால் தவறான விகிதம் வரும்.
>
> இரண்டாவது திருத்தம்: ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டுக் கொடையையும், 1090இல் குலோத்துங்கன் காலத்துச் சிறிய செப்பேட்டையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கிறேன். முதலாவதில் ஊரின் இறை பள்ளிக்கு, அதாவது விகாரத்துக்குப் போகிறது. இரண்டாவதில் கடாரத்து அரசரின் தூதர் கேட்டுக்கொண்டபடி, பள்ளிக்கு விடப்பட்ட பள்ளிச்சந்த ஊர்கள் மீதிருந்த அந்தராயம் முதலான வேறு பல வரிகள் நீங்குகின்றன. நடுவில் எண்பது ஆண்டுக்கும் மேல் இருப்பதால் இரண்டையும் ஒரே வரவுக் கணக்காகக் கூட்ட இயலாது.
>
> இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்ட பிக்குகள் எண்ணிக்கையைச் சேர்க்கப் போவதில்லை. 8943 கலம் என்பது பள்ளிக்கு மாற்றப்பட்ட இறை. அதை ஊரின் மொத்த விளைச்சலாகக் கொள்ள முடியாது. அதில் உணவுக்கு எவ்வளவு, விளக்குக்கும் கட்டடப் பராமரிப்புக்கும் எவ்வளவு என்று செப்பேடு பிரித்துச் சொல்லவில்லை. இந்தக் காரணங்களைக் கட்டுரையிலேயே ஒரு பத்தியாக எழுதுகிறேன்.
>
> மார்ச் 31க்குள் வந்தால் இது திருத்தப் பிரதியாகவே கொள்ளப்படுமா, புதிய கட்டுரையாகவா என்பதைத் தெரிவித்தால் நன்றி உடையவனாவேன்.

கடைசி வரியை எல்லோரும் கட்டாயம் எழுதுங்கள். சில இதழ்களின் இணைய வாயில் கெடு தாண்டியதும் கோப்பை மூடிவிடும். பிறகு புதிதாக அனுப்பினால் வேறு மதிப்பீட்டாளர்களுக்குப் போகும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தேன்மொழி:
அண்ணா, எனக்கும் வைவாவுக்குத் தேதி தள்ளிவைக்கக் கடிதம் வேண்டும். இதே மாதிரி எழுதலாமா? என் வழிகாட்டி "உடல்நிலை" என்று மட்டும் எழுதச் சொல்கிறார்.

காவிரிக்கரை:
தேன்மொழி, வைவா பல்கலைக்கழக விதிப்படி நடப்பது, அதற்கு அலுவலகப் படிவம் இருக்கும், அங்கே கேளுங்கள். இது இதழுக்கு எழுதியது. காரணத்தோடு வேலைத் திட்டத்தையும் சொல்லும்போதுதான் ஆசிரியருக்கு நம்பிக்கை வருகிறது.

ஆலமரம்:
ஒரு சந்தேகம். பிக்குகள் பொன், வெள்ளியைத் தொடக்கூடாது என்பது துறவியர் ஒழுக்க விதியான விநயம். பிறகு விகாரத்துக்கு ஏது பொருளாதாரம்? அரசன் கொடுத்தான், ஊர்க்காரர் சமைத்துப் போட்டார்கள், அவ்வளவுதானே? கட்டுரையின் அடிப்படையே ஆட்டம் காண்கிறதே.

மிகிந்தலை வாசகி:
ஆலமரம், விதி நீங்கள் சொன்னதுதான். ஆனால் அது தனிப் பிக்குவுக்கு உள்ள தடை. சங்கத்தின் பேரில் நிலமும் குளமும் இருந்தன. கையாள ஆட்கள் இருந்தார்கள். எங்கட பக்கம், இலங்கையின் மிகிந்தலையில், நான்காம் மகிந்தன் என்ற அரசன் காலத்து, 10ஆம் நூற்றாண்டுக் கற்பலகைகள் இரண்டு நிற்கின்றன. எந்த வேலைக்காரருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு அரிசி என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். அன்றாடச் செலவை ஏட்டில் பதிந்து, மாதக் கணக்கு எழுதி, ஆண்டு முடிவில் சங்கத்தின் முன் வாசிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கணக்கு வைக்காத இடத்தில் இப்படி ஒரு விதி எதற்கு?

காவிரிக்கரை, உங்கட இரண்டாம் மதிப்பீட்டாளர் மிகிந்தலையை மனதில் வைத்துத்தான் கேட்டிருப்பார் போல. அங்கே செலவுப் பக்கம் இருக்கிறது, நாகப்பட்டினத்தில் வரவுப் பக்கம் மட்டும் கிடைக்கிறது. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் அவரும் சமாதானமாவார்.

காவிரிக்கரை:
நல்ல யோசனை, சேர்க்கிறேன். ஆனால் அங்கத்தைய செலவை எடுத்து இங்கத்தைய வரவோடு பொருத்த மாட்டேன். அரசும் வேறு, நிர்வாகமும் வேறு.

நெல்மணி:
கல்வெட்டுத் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். கடிதம் நன்று. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்படுகிறது. அது ராஜகேசரி என்னும் மரக்காலோடு ஒக்கும் என்று கல்வெட்டே சொல்கிறது. 92, 100 என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் முன், இரண்டு இடத்திலும் எந்த மரக்கால் என்பதை முதல் அடிக்குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். கலம் என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது, பிக்குகள் கணக்கு. சிலர் அஞ்சிரண்டு வண்ணம் பிடித்து, ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்று போட்டு, தலைக்கு இத்தனை நாழி என்று வகுத்துவிடுகிறார்கள். பெரிய எண் ஒன்று கிடைக்கும்; அடுத்த பத்துக் கட்டுரை அதை மேற்கோள் காட்டும். நெல் முழுதும் சோறானது என்பதற்கு ஆதாரமே இல்லை. மறுத்தது சரி.

ஆனால் "இறை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ஆனைமங்கலத்தில் உழுதவர் யார், அவர் கையில் மிஞ்சியது எவ்வளவு என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. பிடி சூழ்ந்து, அதாவது பெண்யானையை நடத்தி, எல்லை குறித்ததைச் செப்பேடு அத்தனை விரிவாகச் சொல்கிறதே. வயலில் நின்றவர் பங்கைப் பற்றி உங்கள் கட்டுரை என்ன சொல்லப் போகிறது?

காவிரிக்கரை:
ஐயா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. விளைச்சல் தெரிந்தால்தான் மிச்சம் சொல்ல முடியும். வேறு ஊர்களின் விளைச்சலைக் கொண்டுவந்து இங்கே பொருத்த எனக்குத் துணிவில்லை.

ஆலமரம்:
மிகிந்தலைச் செய்தி எனக்குப் புதிது. சங்கம், தனிப் பிக்கு என்ற வேறுபாட்டை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் அப்படியே நடந்தது என்று காட்ட வேண்டாமா?

மிகிந்தலை வாசகி:
திருகோணமலைப் பக்கம் வெல்கம் விகாரை, அதாவது ராஜராஜப் பெரும்பள்ளி, அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளைப் பாருங்கள். நந்தா விளக்குக்குப் பசுக்கள் கொடுத்திருக்கிறார்கள். பசுவை யாரோ பராமரித்து நெய் அளந்து தந்திருக்க வேண்டும். கோயில்களுக்கும் அதே முறைதான். அளந்து வாங்கியவர் பிக்குவா, ஊழியரா என்பது எனக்குத் தெளிவில்லை.

காவிரிக்கரை:
ஆசிரியரின் பதில் இன்று வந்தது. மார்ச் 31 வரை அவகாசம், திருத்தப் பிரதியாகவே கொள்வார்கள். பிக்குகள் எண்ணிக்கையை விடுவதைப் பற்றி இரண்டாம் மதிப்பீட்டாளரிடமே கேட்கப் போவதாக எழுதியிருக்கிறார். அவர் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. நான் மரக்கால் அடிக்குறிப்பிலிருந்து தொடங்குகிறேன். நெல்மணி ஐயா, பெரிய கோயில் ஊர்களில் நீங்கல் பட்டியல் முழுதாகச் சிதையாமல் கிடைப்பவை எவை என்று சொன்னால் அவற்றை முதலில் எடுப்பேன்.