வினாடி வினாவில் எப்போதும் நானே வெல்கிறேன்: எப்படி மாற்றுவது?

ஹட்டனில் இருக்கும் நானும் பண்டாரவளையில் வேலை செய்யும் என் அன்புக்குரியவரும் இரவில் வட்ஸ்அப்பில் வினாடி வினா விளையாடுகிறோம். தோற்றவர் ஒரு பாட்டுப் பாடிக் குரல் பதிவாக அனுப்ப வேண்டும். "இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம்?" என்று கேட்டேன். நானுஓயா என்றார். சரியான விடை பட்டிப்பொல என்று நான் சொன்னதும், "அப்படியானால் அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள்" என்றார். அந்தப் பதிலுக்காகத்தானே விளையாட்டே!

ஆனால் தொடர்ந்து நானே வெல்வதால் இப்போது "ம்", "சரி" மட்டுமே வருகிறது. வேண்டுமென்றே தோற்றால் கண்டுபிடித்துவிடுவார். பொது அறிவை விட்டு, "இன்று இரவு நான் சாப்பிட்டது ரொட்டியா, சோறா?" என்பதுபோல ஒருவரையொருவர் ஊகிக்கும் கேள்விகளுக்கு மாறலாமா? அதில் இருவருக்கும் சம வாய்ப்பு. தேடிப் பார்த்தும் சொல்ல முடியாது. நல்ல கேள்விகள் சொல்லுங்கள். பாட்டுக்குப் பதிலாக, அவர் கூச்சப்படாத, பணமில்லாத பந்தயமும் வேண்டும்.